செக்லிஸ்டில் எல்லாம் டிக், ஆனாலும் லைன் இன்ஃபெக்‌ஷன் வருகிறது: எங்கே பார்ப்பது?

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் 12 படுக்கை உள்ள ஒரு தனியார் ஐ.சி.யூ.வில் இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் எங்களிடம் சென்ட்ரல் லைன் இருந்த மூன்று பேருக்கு ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. அந்த மாதம் மொத்தம் 310 லைன் நாள். மூன்றை 310-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால், 1000 லைன் நாளுக்கு 9.7 தொற்று. என்.ஏ.பி.ஹெச். ஆடிட் நெருங்குகிறது, மேலே இருந்து காரணம் கேட்கிறார்கள்.

லைன் போடும்போது நிரப்பும் படிவம் மூன்று பேருக்கும் முழுசாக இருக்கிறது. கை கழுவியது, தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கவுன், கையுறை, உடம்பு முழுக்க விரிப்பு, ஆல்கஹால் கலந்த 2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் தடவிக் காயவிட்டது, தொடையைத் தவிர்த்துக் கழுத்தில் போட்டது, எல்லாம் டிக். வெறும் பேப்பர் டிக் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேருக்கு நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், சரியாகத்தான் செய்தார்கள்.

மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்தது லைன் போட்ட 8, 9, 11-ஆம் நாட்களில். படிவம் சரி, செய்த விதமும் சரி என்றால் இனி எங்கே பார்ப்பது? இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை

சிஸ்டர், விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறதே. மூன்றும் 7 நாள் தாண்டித்தான் வந்திருக்கின்றன. லைன் பழசானால் கிருமி ஒட்டும். நான் முன்பு டியூட்டி டாக்டராக இருந்த இடத்தில் 7-ஆம் நாள் வந்தால் கைட் வயர் விட்டு அதே இடத்தில் புது லைன் மாற்றிவிடுவோம். அதை ரூல் ஆக்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

யானைமலை

ஒத்தக்கடை தம்பி, நாள் ஏற ஏற ஆபத்து ஏறும் என்றீர்களே, அது உண்மை. அதிலிருந்து ‘நாள் குறித்து மாற்று’ என்று போனதுதான் தவறு. கணக்கு வைத்து லைனை மாற்றுவதால் தொற்று குறைவதில்லை என்று பழைய ஆய்வுகளிலேயே பார்த்துவிட்டார்கள். அமெரிக்க சி.டி.சி.யின் 2011 வழிகாட்டியும் வழக்கமாக மாற்றாதே என்றுதான் சொல்கிறது. கைட் வயர் விட்டு மாற்றும்போது தோலிலிருந்து ரத்தக்குழாய் வரை உள்ள அதே பழைய பாதையில்தான் புது லைன் போகிறது. பாதையில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே உள்ளே போகும். வேறு இடத்தில் புதிதாகக் குத்தினால் நுரையீரலில் காற்றுக் கசிவு, தமனியில் குத்துவது என்று வேறு ஆபத்து.

மாற்றுவது வேறு, எடுப்பது வேறு. தேவையில்லாத லைனை எடுக்க வேண்டும். தேவையான லைன் நன்றாக ஓடினால், தொற்றின் அறிகுறி இல்லாவிட்டால், 15-ஆம் நாளிலும் அதைத் தொட வேண்டாம். ஒரு விலக்கு உண்டு. வெளியூர் ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் அவசரமாக, சுத்தம் பார்க்க நேரமில்லாமல் போட்ட லைனோடு நோயாளி வந்தால், 48 மணி நேரத்துக்குள் அதை மாற்றிவிட வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து தொடை லைனோடு வருகிறவர்கள் நமக்கு நிறைய உண்டு.

வைகைக்கரை சிஸ்டர், ஒரு எண் வேண்டும். 310 லைன் நாள் என்றீர்கள். அதே மாதம் மொத்த நோயாளி நாள் எத்தனை?

வைகைக்கரை

350, சார்.

யானைமலை

310-ஐ 350-ஆல் வகுத்தால் 0.89. அதாவது எந்த நேரத்தில் உங்கள் ஐ.சி.யூ.வுக்குள் நுழைந்தாலும் பத்து பேரில் ஒன்பது பேர் கழுத்தில் லைன் இருக்கிறது. 9.7-ஐ விட இந்த எண்தான் எனக்குக் கவலை தருகிறது. பி.பி. மருந்து ஓடுகிறவர், டயாலிசிஸ் ஆள், நரம்பு வழி முழு ஊட்டம் போகிறவர் என்று எல்லாரையும் சேர்த்தாலும் பத்துக்கு ஒன்பது வராது. மீதிப் பேருக்கு லைன் எதற்காக இருக்கிறது?

2006-இல் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு மிச்சிகன் ஐ.சி.யூ.க்களின் அனுபவத்தை எழுதியபோது, நடுமதிப்பு விகிதம் 1000 லைன் நாளுக்கு 2.7-இலிருந்து மூன்று மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு வந்ததாகக் காட்டினார்கள். அதைப் படித்தவர்கள் ஐந்து அம்சப் பட்டியலை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அந்த ஐந்தில் நான்கு, லைன் போடும் அரை மணி நேரத்தைப் பற்றியவை. ஐந்தாவது, தேவையில்லாததை எடு என்பது. அதற்கு மட்டும் தினமும் ஒருவர் கேட்க வேண்டும். உங்கள் படிவம் போட்ட அன்றோடு முடிந்துவிடுகிறது, இல்லையா?

மேலூர் நைட் டியூட்டி

யானைமலை சார் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். நான் வேறு ஆஸ்பத்திரி, ஆனால் கதை ஒன்றுதான். நார்அட்ரினலின் நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருக்கும். காலை ரவுண்ட்ஸில் ‘லைன் எடுக்கலாமா’ என்று கேட்டால் ‘இன்னைக்கு இருக்கட்டும்’ என்பார்கள். காரணம், ராத்திரியில் வெயின் கிடைக்காது என்ற பயம். கை இரண்டும் ஏற்கனவே குத்திக் குத்தி வீங்கிப்போயிருக்கும். எங்களுக்குமே லைன் இருந்தால் வசதிதான், ரத்தம் எடுக்க ஆறு தடவை ஊசி போட வேண்டாம். இதை மறைக்காமல் சொன்னால்தான் தீர்வு வரும்.

இன்னொன்று. ஹப்பைத் தேய்ப்பது. வகுப்பில் 15 நொடி ஆல்கஹால் ஸ்வாப் வைத்துத் தேய், காயவிடு, அப்புறம் சிரிஞ்சைப் பொருத்து என்கிறார்கள். ராத்திரி ஒரு நர்ஸுக்கு மூன்று வென்டிலேட்டர் நோயாளி. ஒரு நோயாளிக்கு ஒரு ஷிஃப்டில் இருபது தடவைக்கு மேல் லைனைத் திறக்கிறோம். த்ரீவேயின் மூடி எங்கே என்றால் படுக்கையில் கிடக்கும். யாருடைய ஐ.சி.யூ.வில் இது நூற்றுக்கு நூறு நடக்கிறதோ அவர்கள் எப்படி என்று சொல்லட்டும், கற்றுக்கொள்கிறேன்.

யானைமலை

நியாயமான கேள்வி. நொடியை எண்ணுவதை விட, திறக்கும் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முதல் வேலை. காலை, மாலை என இரண்டு நேரத்துக்கு ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்து எடுங்கள். வாய்வழியோ மூக்குக் குழாய் வழியோ கொடுக்கக்கூடிய மருந்தை ஊசியிலிருந்து மாற்றுங்கள். இரண்டு செய்தாலே இருபது பத்தாகும். தேய்ப்பது குறைந்தது 5 நொடி, நாங்கள் 15 என்று பழக்கியிருக்கிறோம். ஸ்வாப் கைக்கெட்டும் தூரத்தில் ட்ரிப் ஸ்டாண்டிலேயே தொங்க வேண்டும். ட்ராலிக்குப் போய் எடுக்க வேண்டியிருந்தால் நடு ராத்திரியில் யாரும் போக மாட்டார்கள்.

அகார் தட்டு

நான் மைக்ரோபயாலஜி. இவ்வளவு பேசியும் யாருமே கிருமியின் பெயரைக் கேட்கவில்லையே! வைகைக்கரை, மூன்று பேருக்கும் என்ன வளர்ந்தது? எந்த பாட்டிலில் வளர்ந்தது, லைனிலிருந்து எடுத்ததிலா, கையில் குத்தி எடுத்ததிலா? மெஷின் எத்தனை மணி நேரத்தில் பாசிட்டிவ் என்று காட்டியது? இந்த மூன்றும் லேபில் பதிவாகியிருக்கும். அதைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

திருமங்கலம் மகன்

மன்னிக்கவும், இடையில் புகுகிறேன். நான் மருத்துவத் துறை இல்லை. என் அப்பா பக்கவாதம் வந்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கிறார். நேற்று ‘நுரையீரலில் இன்ஃபெக்‌ஷன், வென்டிலேட்டரால் வந்தது’ என்றார்கள். அப்படியானால் அந்த மெஷின் அழுக்கா? லைன் மாதிரியே அந்தக் குழாய்களையும் தினமும் மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

யானைமலை

தம்பி, அப்பாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும். பெரும்பாலும் மெஷின் காரணம் இல்லை. வாயிலும் தொண்டையிலும் ஊறும் எச்சில்தான் காரணம். மூச்சுக்குழாயில் போட்ட ட்யூபைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கும். எச்சில் அதன் மேல் தேங்கி, பலூனுக்கும் மூச்சுக்குழாய்ச் சுவருக்கும் நடுவில் உள்ள மடிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். நமக்கென்றால் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். மயக்க மருந்தில் இருப்பவருக்கு இருமல் இல்லை. வென்டிலேட்டர் குழாய்களை அழுக்கானால், பழுதானால் மட்டும் மாற்றினால் போதும். தினமும் மாற்றுவதால் பயன் இல்லை, கழற்றும்போது குழாயில் தேங்கிய தண்ணீர் நுரையீரல் பக்கம் சாயும் ஆபத்துதான் கூடும்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா? தினமும் காலையில் மயக்க மருந்தைக் குறைத்து, அவரே மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறார்களா? ட்யூப் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறதோ அவ்வளவு நல்லது. பலூன் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் வைத்திருக்கிறோமா என்பது நாங்கள் பார்க்க வேண்டியது.

திருமங்கலம் மகன்

நன்றி டாக்டர். ஒன்று கவனித்திருக்கிறேன். காலையில் பார்க்க விடும்போது தலை உயரமாக இருக்கிறது. சாயங்காலம் போனால் சில நாள் தட்டையாகப் படுத்திருக்கிறார். கேட்டால் ‘ஸ்பான்ஜ் பாத் கொடுத்தோம், எக்ஸ்ரே எடுத்தோம்’ என்கிறார்கள்.

மேலூர் நைட் டியூட்டி

அண்ணா, நீங்கள் பார்த்தது சரி. உடம்பு துடைக்க, திருப்பிப் போட, எக்ஸ்ரே தட்டு வைக்கத் தட்டையாக்குவோம். அடுத்த நோயாளியிடம் ஓடும்போது திரும்ப உயர்த்த விட்டுப்போகும். தயங்காமல் சிஸ்டரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டார்கள். எங்கள் வென்டிலேட்டர் பண்டில் படிவத்தில் தலை உயரம் காலை 8 மணிக்கு ஒரு தடவைதான் டிக் ஆகும். 11 மணிக்குத் தட்டையாகக் கிடந்தால் படிவத்துக்குத் தெரியாது. வைகைக்கரை அக்கா லைனுக்குச் சொல்கிற பிரச்சினையும் இதுவேதான்.

வைகைக்கரை

அகார் தட்டு மேடம், லேபில் போய் எடுத்து வந்துவிட்டேன்.

முதல் நோயாளி, பூச்சிமருந்து கேஸ், வென்டிலேட்டரில், அட்ரோபின் ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தது. 9-ஆம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல், பி.பி. இறங்கியது. லைனிலிருந்து ஒரு செட், கையிலிருந்து ஒரு செட் ஒரே நேரத்தில் எடுத்தோம். இரண்டிலும் பர்க்ஹோல்டேரியா செபாசியா. லைன் பாட்டில் 14 மணி நேரத்தில் பாசிட்டிவ், கை பாட்டில் 17 மணி 30 நிமிடத்தில். ட்யூபிலிருந்து எடுத்த சளியில் வளர்ந்தது அசினெட்டோபாக்டர்.

இரண்டாவது, சர்க்கரை நோயாளி, கால் புண்ணோடு வந்தவர். 8-ஆம் நாள் 38.4 டிகிரி காய்ச்சல், பி.பி. இறங்கவில்லை. கையிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறார்கள். அதிலும் பர்க்ஹோல்டேரியா.

மூன்றாவது, பக்கவாத நோயாளி, 11-ஆம் நாள். இரண்டு செட் எடுத்து, ஒன்றில் மட்டும் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ்.

அகார் தட்டு

இப்போது படம் தெரிகிறது. கடைசியிலிருந்து வருகிறேன்.

மூன்றாவது நோயாளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது எல்லார் தோலிலும் இருக்கும் கிருமி. தனித்தனியாக எடுத்த இரண்டு கல்ச்சரில் வளர்ந்து, காய்ச்சலோ நடுக்கமோ பி.பி. இறக்கமோ இருந்தால்தான் கிளாப்சி, அதாவது சென்ட்ரல் லைனால் வந்த ரத்தத் தொற்று, என்று எண்ண வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தது பெரும்பாலும் ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டியது.

முதல் நோயாளி உண்மையான லைன் தொற்று. லைன் பாட்டில் மூன்றரை மணி நேரம் முந்திக்கொண்டது. இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு ரத்தம் விட்டிருந்து, லைன் ரத்தம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தினால் கிருமிக் கூட்டம் லைனில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். சளியில் வளர்ந்தது வேறு கிருமி, அதனால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போனது என்றும் சொல்ல முடியாது. லைனை எடுத்தீர்களா? என்ன மருந்து கொடுத்தீர்கள்? நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டரை மனதில் வைத்து கொலிஸ்டின் ஆரம்பிப்பது வழக்கம். பர்க்ஹோல்டேரியாவுக்கு கொலிஸ்டின் பிறவியிலேயே கேட்காது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்தக் கிருமி மனிதத் தோலில் குடியிருப்பது இல்லை. தண்ணீரில், திரவத்தில் வாழ்வது. கிருமிநாசினிக்குள்ளேயே உயிரோடு இருக்கும். ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு வந்தால் டாக்டர் கையைப் பார்க்காதீர்கள், பாட்டிலைப் பாருங்கள். இரண்டு பேரையும் தொட்ட பொதுவான ஈரப் பொருள் என்னென்ன என்று பட்டியல் போடுங்கள். அமெரிக்காவில் 2016-இல் வென்டிலேட்டர் நோயாளிகளிடம் இது பரவியபோது, மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் டாக்குசேட் திரவ மருந்தில் இருந்தது.

ஒத்தக்கடை

அப்படியானால் ஃப்ளஷ் செய்யும் என்.எஸ். பாட்டில்தான் மேடம். நூறு சதவீதம். 500 மில்லி பாட்டிலில் ஒரு ஊசியைக் குத்திவைத்து, எல்லா பெட்டுக்கும் அதிலிருந்தே 10 மில்லி 10 மில்லியாக உறிஞ்சுவது எங்கும் நடக்கிறது.

பண்டகசாலை மணி

நான் ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸில் இருக்கிறேன். 10 மில்லி ஆம்பூலாக வாங்கச் சொல்லி சிஸ்டர்கள் கேட்கிறார்கள். கணக்கில் பார்த்தால் ஒரு ஃப்ளஷுக்கு ஆம்பூல் செலவு, பெரிய பாட்டில் செலவைவிடப் பல மடங்கு. நிர்வாகம் அங்கேதான் கையெழுத்துப் போட மறுக்கும். ஒரு லைன் தொற்றுக்கு நோயாளி கூடுதலாக எத்தனை நாள் ஐ.சி.யூ.வில் இருக்கிறார், ஆன்டிபயாட்டிக்குக்கு எவ்வளவு ஆகிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நான் அதை வைத்து வாதாடுவேன். வெறுமனே ‘வழிகாட்டி சொல்கிறது’ என்றால் என்னால் முடியாது.

அகார் தட்டு

ஒத்தக்கடை, சந்தேகப்படுவது சரி. நூறு சதவீதம் என்று சொல்லாதீர்கள். வைகைக்கரை, ஊழியர்களைக் குற்றம் சொல்லாமல் ஒரு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள். திறந்த பாட்டில் ஒன்றையும் கொட்ட விடாதீர்கள், கொட்டிவிட்டால் ஆதாரம் போய்விடும். ஃப்ளஷ் பாட்டில், அட்ரோபின் பாட்டில், வாய் கழுவும் திரவம், ஸ்கேன் ஜெல், கை கழுவும் தொட்டி, எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுங்கள்.

வைகைக்கரை

முதல் நோயாளியின் லைனை அன்றே எடுத்துவிட்டோம். முதலில் கொலிஸ்டின்தான் ஆரம்பித்தார்கள். ரிப்போர்ட் வந்தபின் மெரோபெனமுக்கு மாற்றினார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது.

உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஃப்ளஷ் பாட்டில், ஒத்தக்கடை டாக்டர் சொன்னது போலவே. ரப்பர் மூடியில் ஊசி குத்தி நிற்கிறது, திறந்த நேரம் எழுதவில்லை.

அட்ரோபின் பற்றி நான் இதற்கு முன் யோசித்ததே இல்லை. 0.6 மி.கி. ஆம்பூல்களை நூறு வரை வரிசையாக உடைத்து, பெட் பக்கத்திலேயே சலைனில் சேர்க்கிறார்கள். ஒரு ஆம்பூலின் கழுத்தையும் ஸ்வாப்பால் துடைப்பதில்லை. மேலே ஏசி காற்று, பக்கத்தில் சக்‌ஷன். பூச்சிமருந்து கேஸ் நம் ஊரில் வாரம் தவறாமல் வருகிறது.

டிரஸ்ஸிங். ட்ரான்ஸ்பரன்ட் டிரஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறோம், அது சரி. ஆனால் கழுத்து லைனில், தாடி முளைத்த ஆண்களுக்கும் வியர்க்கிறவர்களுக்கும் மூன்றாம் நாளே ஓரம் தூக்கிக்கொள்கிறது. அதன் மேலேயே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஓரம் தூக்கினால், ஈரமானால், நாள் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

ஸ்கேன் ஜெல். காலையில் ரவுண்ட்ஸில் எல்லாருக்கும் நெஞ்சில் ஸ்கேன் வைத்துப் பார்க்கிறார்கள். ஜெல் பாட்டில் காலியானால் 5 லிட்டர் கேனிலிருந்து ஊற்றி நிரப்புகிறார்கள். மாதிரிகள் போய்விட்டன.

யானைமலை

அட்ரோபின் விஷயம் நல்ல கண்டுபிடிப்பு. கழுத்தைத் துடைக்காமல் நூறு ஆம்பூல் உடைத்தால் கிருமி உள்ளே விழ நூறு வாய்ப்பு. ஆனால் இரண்டாவது நோயாளிக்கு அட்ரோபின் போகவில்லையே, சிஸ்டர்? பொதுவான பொருள் என்று பார்த்தால் அது அடிபடுகிறது. துடைத்து உடைக்கும் பழக்கம் எப்படியும் வர வேண்டும், அது வேறு.

வைகைக்கரை

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஃப்ளஷ் பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை. அட்ரோபினிலும் இல்லை. ஸ்கேன் ஜெல் பாட்டிலில் பர்க்ஹோல்டேரியா செபாசியா. கேனிலிருந்து நேராக எடுத்த மாதிரியில் வளரவில்லை, நிரப்பிய பாட்டிலில் மட்டும். எந்த மருந்துக்குக் கேட்கிறது, எதற்குக் கேட்கவில்லை என்ற பட்டியல் இரண்டு நோயாளிகளுடையதோடும் ஒத்துப்போகிறது.

ஒத்தக்கடை

ஜெல்லா? லைன் போடும்போது ஸ்டெரைல் ஜெல் பாக்கெட்தானே பயன்படுத்துகிறோம்? அதுவும் 9-ஆம் நாள் எப்படி?

அகார் தட்டு

போடும்போது இல்லை, போட்டபின். பாட்டிலைக் கழுவாமல், அடியில் மிச்சமிருப்பதன் மேலேயே திரும்பத் திரும்ப ஊற்றினால் கிருமி உள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழும். ஜெல்லில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென் இதை ஒன்றும் செய்யாது. தினமும் காலையில் நெஞ்சில் தடவுகிறீர்கள். கழுத்து லைனின் டிரஸ்ஸிங் அங்கிருந்து நாலு விரல் தூரம், ஓரம் தூக்கியிருக்கிறது. துடைக்கும்போது ஜெல் எங்கே போகும் என்று யோசியுங்கள். 2021-இல் அமெரிக்காவில் ஜெல் வழியாக இதே கிருமி பரவி, ஜெல்லைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொரு கேள்வி. இரண்டாவது நோயாளிக்குக் கையில் ரத்தம் எடுத்தபோது வெயின் தெரியாமல் ஸ்கேன் வைத்து எடுத்தார்களா?

வைகைக்கரை

டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். ஆமாம் மேடம், கை வீங்கியிருந்ததால் ஸ்கேன் வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அதே ஜெல்.

அகார் தட்டு

அப்படியானால் அந்த நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருந்ததா, ஊசி ஜெல்லைத் துளைத்துப் போகும்போது பாட்டிலுக்குள் போனதா என்று சொல்ல முடியாது. லைனிலிருந்தும் ஒரு செட் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். என் கணிப்பு, அது போலித் தொற்று. முதல் நோயாளி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

யானைமலை

இங்கே நான் உடன்பட மாட்டேன் மேடம். கண்காணிப்பு விதிப்படி பர்க்ஹோல்டேரியா தோல் கிருமிப் பட்டியலில் இல்லை. ஒரு பாட்டிலில் வந்தாலே போதும், வேறு இடத்துத் தொற்று காரணம் இல்லையென்றால் கிளாப்சிதான். காய்ச்சலும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ‘இது உண்மையில்லை’ என்று ஒன்றொன்றாகக் கழிக்க ஆரம்பித்தால் எல்லார் விகிதமும் பூஜ்ஜியமாகிவிடும். எண்ணுங்கள், கீழே குறிப்பு எழுதுங்கள்.

அகார் தட்டு

எண்ணுவதை நான் தடுக்கவில்லை, சார். அந்த நோயாளிக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைத்தான் தடுக்கிறேன். விகிதத்துக்கான வரையறை வேறு, படுக்கையில் இருப்பவருக்கான முடிவு வேறு. மருந்துப் பட்டியல் ஒத்துப்போவது ஒரே கிருமி என்பதற்கு முழு ஆதாரமும் ஆகாது, மரபணு ஒப்பீடு செய்தால்தான் தெரியும். வைகைக்கரை, மூன்று வளர்ப்பையும் தூக்கிப் போட வேண்டாம் என்று லேபில் சொல்லி வையுங்கள்.

மேலூர் நைட் டியூட்டி

வாய் கழுவும் குளோர்ஹெக்ஸிடின் மாதிரியில் ஒன்றும் வரவில்லையா, அக்கா? நாங்கள் வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

வைகைக்கரை

வளரவில்லை சிஸ்டர். ஆனால் யானைமலை சார் அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைக்கிறேன்.

யானைமலை

அமெரிக்கச் சங்கங்கள் 2022-இல் வெளியிட்ட பரிந்துரையில், நிமோனியாவைத் தடுக்க வாயில் குளோர்ஹெக்ஸிடின் வேண்டாம் என்ற பக்கம் போய்விட்டார்கள். பலன் தெளிவாக இல்லை, இறப்பு கொஞ்சம் கூடுமோ என்ற சந்தேகமும் எழுந்தது. அதற்குப் பதில் பிரஷ்ஷால் பல் தேய்க்கச் சொல்கிறார்கள். நான் நிறுத்திவிட்டேன். என்னோடு வேலை செய்கிற இன்னொரு மூத்த டாக்டர் நிறுத்த மாட்டேன் என்கிறார். எங்கள் ஐ.சி.யூ.விலேயே இது முடியாத விவாதம்.

வைகைக்கரை

இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். ஜெல் பாட்டில் நிரப்புவதை நிறுத்திவிட்டோம், காலியானால் குப்பைக்கு. லைனுக்கும், ஸ்கேன் வைத்து ஊசி போடுவதற்கும் ஸ்டெரைல் பாக்கெட் மட்டும். ஃப்ளஷ் பாட்டிலில் ஒன்றும் வளராவிட்டாலும் அதையும் நிறுத்தச் சொன்னேன். ஆம்பூலுக்கு நிர்வாகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் இப்போதைக்கு ஒரு நோயாளிக்கு ஒரு 100 மில்லி பாட்டில், 24 மணி நேரம் ஆனால் எறிந்துவிட வேண்டும். காலை ரவுண்ட்ஸ் ஷீட்டில் ‘இன்று இந்த லைன் எதற்கு?’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். டிக் போட முடியாது, காரணத்தை எழுத வேண்டும்.

பண்டகசாலை மணி

24 மணி நேரத்துக்கு ஒரு 100 மில்லி என்பதும் முழுசாகச் சரியில்லை என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். ஒருமுறை உறிஞ்சினால் முடிந்தது என்பதுதான் விதியாம்.

அகார் தட்டு

அவர் சொல்வதுதான் சரி. அதில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை. ஆம்பூல் வரும்வரை ஓர் இடைக்கால ஏற்பாடு என்று எழுதியே வையுங்கள், வைகைக்கரை. இல்லாவிட்டால் அதுவே வழக்கமாகிவிடும்.

ஒத்தக்கடை

கடைசியாக ஒரு சந்தேகம், நாளைக்கு நானே கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஒரே நோயாளிக்குக் கழுத்தில் மூன்று லூமன் லைனும் இன்னொரு பக்கம் டயாலிசிஸ் கதீட்டரும் இருந்தால் அன்று லைன் நாள் ஒன்றா, இரண்டா?

யானைமலை

ஒன்று. எத்தனை லைன் இருந்தாலும் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். தினமும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும்.

வைகைக்கரை

நாங்கள் டயாலிசிஸ் கதீட்டரைத் தனியாக எண்ணியிருக்கிறோம். ரெஜிஸ்டரைத் திரும்பப் பார்த்தேன், 310 இல்லை, 286. இரண்டு கிளாப்சி என்று எடுத்தால் 1000-க்கு 7.0, லைன் பயன்பாடு 0.82. யானைமலை சார், அந்த 0.82-ஐக் குறைப்பதற்கு எந்த நோயாளியிலிருந்து ஆரம்பிப்பீர்கள்?

யானைமலை

நார்அட்ரினலின் நின்று 24 மணி நேரம் ஆனவர்களிலிருந்து. காலை 9 மணிக்கு, இரண்டு நல்ல வென்ஃப்ளான் போட்ட பிறகு லைனை எடுங்கள். ராத்திரி டியூட்டிக்கு விட்டுவைக்காதீர்கள்.